மனநோயின் பெயரை நோயாளியிடம் சொல்வது: ஆஸ்கி ஸ்டேஷன் ஒன்றும் அதற்கான மதிப்பெண் திட்டமும் பற்றி ஒரு இணைய உரையாடல்

2024 ஜனவரி 7, புதிய ஆசிரியை

மனநலத் துறை பிஜி மாணவர்களுக்கு மார்ச்சில் மாதிரித் தேர்வு. அதில் ஒரு ஆஸ்கி ஸ்டேஷனை, அதாவது நோயாளியாக நடிப்பவரிடம் மாணவர் பேசிக் காட்டும் ஒரு சுற்றை, என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது என்று நோயாளியிடம் சொல்வதுதான் பணி. 25 அம்சங்கள் கொண்ட செக்லிஸ்ட் போட்டுவிட்டேன். ‘வணக்கம் சொன்னார்’, ‘பெயரைக் கேட்டு உறுதி செய்தார்’, ‘கண்ணைப் பார்த்துப் பேசினார்’, ‘பரிவு காட்டினார்’, ‘சந்தேகம் உண்டா என்று கேட்டார்’ என்று போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். புற்றுநோயாளியிடம் கெட்ட செய்தி சொல்வதற்கான ஆறு படி ஸ்பைக்ஸ் முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன். இது போதுமா?

ஜனவரி 7, மாலை வார்டு

போதாது. நான் முதன்முதலில் போட்ட ஸ்டேஷனும் கிட்டத்தட்ட இதேதான். அதில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஒரு மாணவர் உள்ளே வந்தார். வணக்கம், பெயர், கண் பார்வை எல்லாம் சரியாக இருந்தது. நோயின் பெயரைச் சொன்னார். அடுத்த நொடியே மூளை ரசாயனம், மாத்திரை, பக்க விளைவு, மறுபடி வர வேண்டிய தேதி என்று ஆறு நிமிடம் இடைவிடாமல் பேசினார். நடுவில் இரண்டு முறை “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்றார். 25க்கு 21. அடுத்து வந்த பெண் நோயின் பெயரைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். நோயாளியாக நடித்தவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணும் அசையாமல் இருந்தார். பிறகு நோயாளி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பக்க விளைவுக்குப் போகும் முன்பே மணி அடித்துவிட்டது. 25க்கு 14.

தேர்வு முடிந்ததும் நடித்தவரிடம், “இரண்டு பேரில் யாரிடம் மறுபடி போவீர்கள்?” என்று கேட்டேன். யோசிக்காமல் இரண்டாமவரைச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. என் தாள் மட்டும் தலைகீழாகச் சொன்னது.

‘ஆம் / இல்லை’ பட்டியல் எத்தனை வாக்கியங்கள் வாயிலிருந்து வந்தன என்பதைத்தான் எண்ணும். ஊசி போடுவதற்கும் தையல் போடுவதற்கும் அது பொருந்தும். இங்கே அளக்க வேண்டியது மாணவர் எப்போது பேச்சை நிறுத்துகிறார் என்பதை.

ஜனவரி 8, வாய்மொழித் தேர்வு

மதிப்பெண் திட்டத்தில் டயக்னோஸிஸுக்கான காரணம் ஏன் இல்லை? குரல் கேட்பது, சந்தேகம், எத்தனை மாதமாக இருக்கிறது என்பதையெல்லாம் மாணவர் சொன்னால் 5 மதிப்பெண் தரலாம். அது தெரியாமல் பெயரைச் சொல்லி என்ன பயன்?

ஜனவரி 8, மாலை வார்டு

அது வேறு ஸ்டேஷன் ஐயா. இதில் டயக்னோஸிஸைப் பற்றிச் சந்தேகமே எழக்கூடாது. எழுந்தால் மாணவர் எட்டு நிமிடத்தையும் வரலாறு கேட்பதிலேயே கழித்துவிடுவார். தெரிந்த வேலையைச் செய்தால் பயம் இருக்காது, அதனால்தான்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு பயன் இருக்கிறது. என் பழைய கதையில் அறிகுறிகள் தொடங்கி மூன்று மாதம் என்று எழுதியிருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி முறைப்படி ஒரு மாதம் இருந்தாலே இந்தப் பெயரை வைக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 ஆறு மாதம் கேட்கிறது. நன்றாகப் படித்த மாணவர் ஒருவர் அங்கேயே தடுக்கிவிட்டார். “இது ஸ்கிசோஃப்ரினிஃபார்ம்தானே” என்ற யோசனையிலேயே நேரம் போய்விட்டது. தவறு கதையை எழுதிய என்னுடையது. இப்போது எட்டு மாதம் என்று மாற்றிவிட்டேன். கதவுத் தாளிலும், ‘டயக்னோஸிஸ் உறுதி செய்யப்பட்டுவிட்டது, வரலாறு எடுக்க வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கிறது.

ஜனவரி 10, மாலை வார்டு

நோயாளியின் முழுக் கதையும் இதோ. நான் பயன்படுத்துவதைத் தருகிறேன்.

செல்வம், 24 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். எட்டு மாதமாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசும் குரல் கேட்கிறது. அவர்கள் தன் செல்போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற எண்ணமும் இருக்கிறது. வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. வார்டில் சேர்ந்து மூன்று வாரம். ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் ஓடுகிறது. குரல் பெரும்பாலும் அடங்கிவிட்டது, சந்தேகம் பாதி இருக்கிறது. மாணவர் வார்டு ரெசிடென்ட். வெளியில் தாளைப் படிக்க இரண்டு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம், ஏழாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி.

கடினமான வேலை நடிப்பவருக்கான தாளை எழுதுவதுதான். அவருக்கு வசனத்தை மட்டும் கொடுத்தால் பத்து மாணவர்களிடமும் ஒரே மாதிரி ஒப்பித்துவிடுவார். மாணவர் என்ன செய்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்: “என்னை எப்ப சார் வீட்டுக்கு அனுப்புவீங்க?”

‘உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க’ என்று மாணவர் கேட்டால்: “தூக்கம் கெட்டுப்போச்சு, அதான் சத்தம் கேட்டுச்சு. ஆனா அவங்க பேசுனது நெசம்தான் சார்.” கேட்காவிட்டால் இது வராது.

நோயின் பெயரைச் சொன்னதும் தலையைக் குனிந்து, மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதற்குள் மாணவர் பேச ஆரம்பித்துவிட்டால், அதன்பின் எதற்கும் “சரி சார்” மட்டும்தான். மாணவர் காத்திருந்தால், மெதுவாக நிமிர்ந்து: “அப்ப எனக்குப் பைத்தியமா சார்?”

அதற்கு நேரான பதில் வந்தால் உள்ளே இருக்கும் கவலை வெளியே வரும்: “தங்கச்சிக்கு வரன் பாத்துட்டிருக்காங்க. இது தெரிஞ்சா என்ன ஆகும்?”

கடைசியில் எல்லோரிடமும்: “இப்படி இருந்து என்ன சார் பிரயோஜனம்.” உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால்: “நெனப்பு வந்துச்சு. செய்யணும்னு எல்லாம் இல்ல.” சுற்றி வளைத்துக் கேட்டால் பதில் இல்லை.

ஜனவரி 11, மூன்றாமாண்டு

சார், “அப்ப எனக்குப் பைத்தியமா?” என்பதற்கு என்ன பதில் சொன்னால் முழு மதிப்பெண்? ஒரு வரி கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

ஜனவரி 11, மாலை வார்டு

ஒரே வரி என்று இல்லை தம்பி. ஆனால் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் சொன்னதை எழுதுகிறேன். “அந்த வார்த்தையை நீங்க எங்க கேட்டீங்க?” என்று முதலில் கேட்டார். நோயாளி, ஊரில் ஒருவரை எல்லோரும் அப்படிக் கூப்பிடுவார்கள், சின்ன வயதில் தானும் கல்லெறிந்ததுண்டு என்றார். நடிப்பவரின் தாளில் இது இல்லை, அவராகச் சொன்னது. மாணவர் கொஞ்சம் நிறுத்தி, “அவருக்கு யாரும் வைத்தியம் பாக்கல. உங்களுக்கு மூணு வாரத்துல குரல் அடங்கியிருக்கு. இது வைத்தியம் இருக்கிற நோய், அந்த வார்த்தை உங்களுக்குப் பொருந்தாது” என்றார்.

“சேச்சே, அதெல்லாம் இல்ல, கவலைப்படாதீங்க” என்பதற்கு மதிப்பெண் இல்லை. நோயாளி வாய்விட்டுக் கேட்ட கேள்வியைத் திருப்பி அவர் வாய்க்குள்ளேயே தள்ளிவிடுகிறது அந்தப் பதில்.

ஜனவரி 13, தேர்வு அலுவல்

ஆஸ்கி நடத்தி எனக்குப் பதினைந்து வருடம் ஆகிறது. மாலை வார்டின் திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மாணவர் பத்து எண்ணும் வரை பொறுக்கவில்லை என்றால், நோயாளி “சரி சார்” என்று சுருங்கிவிடுகிறார். அப்புறம் ‘பைத்தியமா’ கேள்வி வராது, தங்கையின் கல்யாணப் பேச்சும் வராது. அந்த இரண்டையும் சமாளிப்பதற்கான மதிப்பெண்ணும் சேர்ந்து போகிறது. ஒரு தவறுக்கு மூன்று இடத்தில் அடி. பதற்றத்தில் ஐந்து நொடி முன்னால் பேசிவிட்ட ஒருவருக்கு, மிச்சத்தை எப்படிக் கையாளுவார் என்று காட்ட வாய்ப்பே கிடைக்கவில்லை. நீங்கள் அளப்பது அவருடைய முதல் தவறை மட்டும்தான்.

இன்னொன்று. ‘பரிவு காட்டினார்’ என்ற அம்சத்தை இரண்டு தேர்வாளர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

ஜனவரி 13, மாலை வார்டு

நீங்கள் சொல்வது சரி. இரண்டு வருடமாக இந்தத் தாளை வைத்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. “சரி சார்” மாணவர்கள் எல்லாவற்றிலும் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிலரை அப்படி ஆக்கியதே என் தாள்தான்.

மாற்றிவிட்டேன். மாணவர் எப்படி நடந்துகொண்டாலும், நான்கு நிமிடம் முடிந்ததும் நடிப்பவர் ‘பைத்தியமா’ என்று கேட்டுவிட வேண்டும். அவருக்குத் தெரியும்படி மாணவரின் முதுகுப்பக்கச் சுவரில் கடிகாரம். பொறுமையாக இருந்தவருக்கு அந்தக் கேள்வி சீக்கிரம் வரும், அவசரப்பட்டவருக்குத் தாமதமாக வரும். ஆனால் எல்லோருக்கும் வரும்.

பரிவு விஷயத்தை நாங்கள் பட்டே தெரிந்துகொண்டோம். ஒரே மாணவருக்கு ஒரு தேர்வாளர் 4 போட்டார், மற்றவர் 1. காரணம் கேட்டோம். முதலாமவர் குரலின் மென்மையைப் பார்த்திருக்கிறார். இரண்டாமவர் நோயாளி சொன்னதற்குப் பதில் வந்ததா என்று பார்த்திருக்கிறார். இப்போது அந்தச் சொல்லே எங்கள் தாளில் இல்லை. ‘நோயாளி சொன்ன கவலையை அவர் சொற்களிலேயே எடுத்துப் பேசினார்’ என்று இருக்கிறது. கேட்டதா இல்லையா என்பதில் இருவருக்கும் சண்டை வராது.

ஜனவரி 14, தங்கை

நான் டாக்டர் இல்லை. தேடும்போது இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. என் அண்ணனுக்கு இந்த நோய் இருக்கிறது. அவனிடம் யாரும் சொல்லவே இல்லை. எங்களிடம் “நரம்புத் தளர்ச்சி மாதிரி” என்றார்கள். டிஸ்சார்ஜ் தாளில் நோய்க் குறியீடாக F20.0 என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போதே அவன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு என்னிடம், “உங்க எல்லாருக்கும் தெரியுமா?” என்று ஒன்றுதான் கேட்டான்.

நீங்கள் வைக்கும் தேர்வில் இதுவும் வருமா?

ஜனவரி 14, மாலை வார்டு

வரவில்லை அம்மா. இனி வரும். நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஜனவரி 16, மாலை வார்டு

கதை மாறிவிட்டது. செல்வத்தின் சட்டைப் பையில் இப்போது மடித்த மருந்துச் சீட்டு ஒன்று இருக்கும். அதில் F20.0 என்று எழுதியிருக்கும். ‘உங்களுக்கு இதுவரை யாராவது ஏதாவது சொன்னாங்களா, நீங்களா எதுவும் தெரிஞ்சுக்கிட்டீங்களா’ என்று மாணவர் கேட்டால் சீட்டை எடுத்து மேசையில் வைப்பார். கேட்காவிட்டால் எடுக்க மாட்டார், ஆனால் கை மட்டும் பையைத் தொட்டபடி இருக்கும்.

இதனால் ஸ்டேஷனின் எடையே இடம் மாறுகிறது. செய்தியைச் சொல்லப் போகிறோம் என்று மாணவர் உள்ளே போகிறார். நோயாளிக்குப் பாதி ஏற்கெனவே தெரியும், தெரிந்த விதம்தான் மோசம். புற்றுநோய்க்கு எழுதப்பட்ட ஆறு படிகளை அப்படியே எடுக்கக்கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். ஸ்பைக்ஸில் நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்கும் படி இருக்கிறது, அது நல்ல படி. ஆனால் அங்கே காட்டுவதற்கு ஒரு பயாப்ஸி அறிக்கை இருக்கும். இங்கே எந்த ஸ்கேனும் இல்லை. நோயாளி எட்டு மாதமாக அனுபவித்ததற்குத்தான் பெயர் வைக்கிறோம். அந்த அனுபவம் உண்மை என்று அவர் இன்னும் பாதி நம்புகிறார். “அதெல்லாம் பிரமை” என்று மறுத்தாலும் கதவு மூடும், “ஆமா பேசியிருப்பாங்க” என்று ஒத்துப்போனாலும் பொய். “உங்களுக்குக் கேட்டது உங்களுக்கு உண்மையாத்தான் இருந்திருக்கும். அது எங்கிருந்து வருதுன்னு நாங்க வேற மாதிரி நினைக்கிறோம்” என்பது போல ஒன்று வர வேண்டும்.

ஜனவரி 17, சட்டம் பேசுபவன்

ஒரு விஷயம் மறந்துவிட்டீர்கள். 2017 மனநலச் சட்டப்படி நோயாளியின் விவரத்தைக் குடும்பத்தாரிடம் சொல்வதே குற்றம். அம்மா அறைக்குள் இருந்தால் மாணவருக்குப் பூஜ்யம் போட வேண்டும்.

ஜனவரி 17, தேர்வு அலுவல்

பாதி சரி. 23வது பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. ஆனால் நியமனப் பிரதிநிதிக்கு அவருடைய கடமையைச் செய்யத் தேவையான விவரத்தைத் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. நோயாளி யாரையும் நியமிக்காவிட்டால் 14வது பிரிவின் வரிசைப்படி உறவினர் அந்த இடத்துக்கு வர முடியும். ஆகவே அம்மா இருந்தாலே பூஜ்யம் என்பது சட்டத்தில் இல்லை. நோயாளியைக் கேட்காமல் அம்மாவை உள்ளே கூப்பிட்டால் மதிப்பெண் குறைக்கலாம்.

இந்த ஸ்டேஷனுக்கு நேராகப் பொருந்துவது 22வது பிரிவு. நோயின் தன்மை, சிகிச்சைத் திட்டம், தெரிந்த பக்க விளைவுகள் ஆகியவற்றை அறிய நோயாளிக்கு உரிமை உண்டு. அதுவும் அவருக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும். ‘நரம்புத் தளர்ச்சி’ என்பது அந்த உரிமையை நிறைவேற்றாது.

ஜனவரி 20, புதிய ஆசிரியை

அப்படியானால் எந்தப் பெயர்? மனச்சிதைவு என்று சொல்லச் சொன்னால் எனக்கே வாய் கூசுகிறது.

ஜனவரி 20, மாலை வார்டு

எனக்கும்தான். போன வருடம் ஒரு மாணவி, “உங்களுக்கு இருக்கிறது மனச்சிதைவு நோய்” என்று தெளிவாகச் சொன்னாள். நடித்தவர் தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டார்: “மனசு செதைஞ்சுபோச்சா எனக்கு?” அவள் பேச்சற்று நின்றாள். அவள் மீது தவறில்லை. புத்தகத்தில் இருக்கும் சொல்லைத்தான் சொன்னாள்.

ஜப்பானில் இதே சிக்கல் இருந்தது. அங்கே பழைய பெயருக்கு மனம் பிளந்த நோய் என்று பொருள். 2002ல் அதை மாற்றி, ஒருங்கிணைப்புக் குறைபாடு என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள். அதற்கு முன் தங்கள் டயக்னோஸிஸ் சொல்லப்பட்ட நோயாளிகள் சுமார் 37 விழுக்காடு. இரண்டே ஆண்டுகளில் அது 70ஐ நெருங்கியது. டாக்டர்கள் திடீரென்று தைரியசாலிகள் ஆகிவிடவில்லை. சொல்லக்கூடிய ஒரு சொல் கிடைத்தது.

நமக்கு அப்படி ஒரு சொல் இன்னும் இல்லை. அதுவரை என் தாளில் இப்படி: ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்றோ ‘மனச்சிதைவு’ என்றோ சொல்லி, உடனே எளிய தமிழில் ஒரே வாக்கியத்தில் விளக்கினால் முழு மதிப்பெண். பெயரை மட்டும் சொன்னால் பாதி. ‘மன அழுத்தம்’, ‘நரம்புத் தளர்ச்சி’, ‘மூளையில கொஞ்சம் ரசாயன மாற்றம்’ என்று பெயரே இல்லாமல் போனால் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம். இதில் நான் இளகுவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அவராகத் தேடிக்கொள்ளட்டும் என்று விடுவதற்குச் சமம் அது.

ஜனவரி 27, மாலை வார்டு

மதிப்பெண் தாளின் இப்போதைய வடிவம். 25 அம்சம் போய் ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் 4, மொத்தம் 20.

1. நோயாளிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டது (சீட்டு வெளியே வந்ததா?)
2. பெயரைச் சொல்லி, விளக்கி, நிறுத்தியது
3. ‘பைத்தியமா’ கேள்விக்கும் தங்கை பற்றிய கவலைக்கும் பதில்
4. சொன்ன தகவல் சரியா, கேட்ட அளவுக்கு இருந்ததா
5. உயிர் ஆபத்து பற்றிக் கேட்டதும், அடுத்து என்ன என்று முடித்ததும்

ஒவ்வொரு பகுதிக்கும் 0, 2, 4 எப்படி இருக்கும் என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் 1, 3 போடுவது தேர்வாளரின் முடிவு. இரண்டாம் பகுதிக்கு: 0 என்றால் பெயர் வரவில்லை. 2 என்றால் பெயர் வந்தது, ஆனால் விளக்கம் இல்லை, அல்லது மாணவரே பேசிக்கொண்டு போனார். 4 என்றால் பெயர், ஒரு வாக்கிய விளக்கம், பிறகு நோயாளி முதலில் வாய் திறக்கும் வரை காத்திருந்தார்.

நான்காம் பகுதியில் மாணவர்கள் அதிகம் வழுக்கும் இடம் பரம்பரை. தங்கை கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், “பெற்றோரில் ஒருவருக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு பத்துல ஒண்ணு” என்று புத்தகத்திலிருந்து எடுத்து விடுகிறார்கள். எண் சரிதான், பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருவது அப்போது பத்துப் பேரில் ஒருவருக்கு என்று ஆகிறது. ஆனால் செல்வம் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறார். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எண்ணைக் கொடுத்தால் 2தான்.

“குணமாகுமா?” என்ற கேள்வி வந்தால் இரண்டு பக்கமும் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். சென்னையில் 1981ல் தொடங்கி 90 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் வேலை பார்த்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். எல்லோரும் அப்படி இல்லை. இதை ஆய்வாக ஒப்பிக்க வேண்டாம், ஆனால் “வாழ்நாள் முழுக்க இப்படித்தான்” என்று சொல்கிற மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 28, மூன்றாமாண்டு

ஐந்தாம் பகுதியில் தற்கொலை எண்ணத்தைக் கேட்க மறந்தால் ஃபெயிலா?

ஜனவரி 28, வாய்மொழித் தேர்வு

ஃபெயில்தான். இதில் என்ன யோசனை? டயக்னோஸிஸ் தெரிந்தபின் வரும் நாட்கள் ஆபத்தானவை. கேட்காத டாக்டரை நான் வார்டில் விட மாட்டேன். மற்றதில் எல்லாம் 16க்கு 16 வாங்கினாலும்.

ஜனவரி 28, தேர்வு அலுவல்

ஒரே அம்சத்தில் ஆளைக் கவிழ்க்கும் விதியை வைத்தால், அடுத்த வருடம் எல்லா மாணவர்களும் உள்ளே வந்த முதல் நிமிடத்திலேயே, “தற்கொலை எண்ணம் இருக்கா?” என்று கேட்டு டிக் அடித்துக்கொள்வார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேள்வி வரும், கேட்கும் காது இருக்காது.

ஜனவரி 29, மாலை வார்டு

இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் படுகிறது. இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: ‘என்ன பிரயோஜனம்’ என்ற வரிக்குப் பிறகு கேட்டால் முழு மதிப்பெண், அதற்கு முன்பே சம்பந்தமில்லாமல் கேட்டால் பாதி. கேட்கவே இல்லை என்றால் ஐந்தாம் பகுதிக்கு 1க்கு மேல் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. ஆனால் தேர்வு முடிந்த அன்றே அந்த மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவேன். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை.

பிப்ரவரி 11, மாலை வார்டு

ஒத்திகை நடத்தினோம். பத்து ரெசிடென்ட்கள். ஐந்து பகுதிகளின் மதிப்பெண்ணோடு, தேர்வாளர் தனியாக ஒரு மொத்தக் கணிப்பும் போட்டார்: 1 தோல்வி, 2 எல்லையில், 3 தேர்ச்சி, 4 நன்று, 5 மிக நன்று. இதைக் கூட்டலில் சேர்க்கக்கூடாது. தேர்ச்சிக் கோடு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் இது.

கிடைத்தவை: கணிப்பு 1 பெற்றவருக்கு 7. 2 பெற்ற மூவருக்கு 9, 10, 11. 3 பெற்ற மூவருக்கு 12, 13, 13. 4 பெற்ற இருவருக்கு 15, 16. 5 பெற்றவருக்கு 18. ‘எல்லையில்’ இருந்த மூவரின் சராசரி 10. பத்துப் பேரின் புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்து நேர்கோடு போட்டால், கணிப்பு 2க்கு நேரே 9.9 வருகிறது. ஆக 20க்கு 10 தேர்ச்சி.

50 விழுக்காடு என்று முன்பே முடிவு செய்திருந்தாலும் இதே 10தானே என்று ஒருவர் கேட்டார். இந்த முறை அப்படி அமைந்தது. இதே தாளைக் கடினமான நோயாளியோடு வைத்தால் கோடு 8க்கு இறங்கும், அப்போது 50 விழுக்காடு அநியாயம் ஆகும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: கணிப்பும் மதிப்பெண்ணும் இந்த முறை ஒரே திசையில் போகின்றன. பழைய 21, 14 கதை திரும்ப நடக்கவில்லை.

பிப்ரவரி 11, தேர்வு அலுவல்

பத்துப் பேரை வைத்துப் போட்ட கோட்டை உண்மையான தேர்வில் நம்பாதீர்கள். ஓரத்தில் இருக்கும் ஒரே ஒருவர், அந்த 7 வாங்கியவர், கோட்டைச் சாய்த்துவிடலாம். மாதிரித் தேர்வுக்குப் போதும்.

பிப்ரவரி 12, வடக்கிலிருந்து வந்தவன்

நான் அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த ரெசிடென்ட். தமிழ் இங்கே வந்துதான் கற்றேன், இதையும் நண்பர் திருத்திக் கொடுத்தார். நோயாளி “நெசம்தான்” என்றால் எனக்கு ஒரு நொடி தாமதமாகப் புரியும். அந்தத் தாமதத்தை நீங்கள் பரிவில்லாமை என்று எடுத்துக்கொள்வீர்களா?

பிப்ரவரி 13, மாலை வார்டு

எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைக்கிறேன். ஒத்திகையில் 9 வாங்கியவரும் வெளிமாநிலத்தவர். அவருடைய தாளைத் திரும்பப் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் 4, காத்திருந்தார். மூன்றாம் பகுதியில் 0. தங்கையைப் பற்றிய வரி அவருக்குப் புரியவே இல்லை.

ஆங்கிலத்தில் பேசும் நோயாளியை வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஆனால் நம் வார்டில் அப்படி யார் வருகிறார்கள்? நோயாளிக்குப் புரியும் மொழி என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இப்போதைக்கு ஒன்று செய்தேன்: “புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டால் மதிப்பெண் குறைக்கக்கூடாது, நடிப்பவர் அதே விஷயத்தை எளிய சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். இது போதுமா என்று அடுத்த முறை வெளிமாநில மாணவர்களின் தாள்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

மார்ச் 3, புதிய ஆசிரியை

தேர்வு முடிந்தது. பத்துப் பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். நாடகக் குழுவிலிருந்து ஒரே ஒருவர்தான் கிடைத்தார். ஆறாவது மாணவருக்குப் பிறகு அவர் அழ ஆரம்பித்துவிட்டார். தாளில் அழுகை இல்லை. கடைசி நால்வருக்கு ஸ்டேஷன் கடினமாகிவிட்டது. பிறகுதான் சொன்னார், அவர் சித்தப்பாவுக்கு இந்த நோய் இருந்ததாம்.

மார்ச் 3, மாலை வார்டு

உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். எப்போதும் இரண்டு பேரைத் தயார் செய்து, ஐந்து மாணவர்களுக்கு ஒருமுறை மாற்றுவோம். ஒத்துக்கொள்ளும் முன்பே, “வீட்டில் யாருக்காவது உண்டா, இருந்தால் இந்த வேடம் வேண்டாம்” என்று தனியாகக் கேட்டுவிடுவோம். முடிந்ததும் செல்வத்தின் சட்டையைக் கழற்றவைத்து, அவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பத்து நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டுத்தான் அனுப்புவோம். இன்று மாலை அவருக்கு ஒரு போன் செய்து பேசுங்கள்.

கடைசி நால்வரின் மூன்றாம் பகுதி மதிப்பெண்ணை முதல் ஆறு பேருடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தப் பகுதியை எல்லோருக்கும் நீக்கி, 16க்குக் கணக்கிடுங்கள். தேர்ச்சிக் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

மார்ச் 4, புதிய ஆசிரியை

பார்த்தேன். முதல் ஆறு பேருக்குச் சராசரி 3, கடைசி நால்வருக்கு 1.5. நீக்கிவிட்டேன். அவரிடமும் பேசினேன். அடுத்த முறை கதவு மணி அடிக்கும் வேலையைத் தரச் சொன்னார்.

மார்ச் 4, தங்கை

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தீர்களா? எத்தனை பேர் கேட்டார்கள்?

மார்ச் 4, புதிய ஆசிரியை

வைத்திருந்தோம். பத்தில் நான்கு பேர்.